வன்னியில் உணவகத்திலும் விடுதியிலும் இரவு வேலை செய்யும் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய நான்கு மாவட்டங்களிலும் உணவகங்களிலும் தங்குமிட விடுதிகளிலும் வேலை செய்யும் பெண்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கடை மூடிய பிறகு எப்படி வீடு போவது, இரவில் யாரோடு வேலை செய்வது, ஒன்று நடந்தால் யாரிடம் சொல்வது என்பவற்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, எங்கள் கடை இரவு பதினொரு மணி வரை திறந்திருக்கும். பெண்களை அவ்வளவு நேரம் வேலைக்கு வைத்திருக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

உணவகமும் விடுதியும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகின்றன. பெண்களை எந்தப் பணியில், இரவு எத்தனை மணி வரை வைத்திருக்கலாம் என்பதை அந்தச் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும் தீர்மானிக்கின்றன. வரவேற்பு மேசையில் இருப்பவருக்கும் சமையலறையில் இருப்பவருக்கும் ஒரே விதி என்று நினைத்துவிட வேண்டாம். மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போய், உங்கள் பதவியையும் வேலை முடியும் நேரத்தையும் சொல்லி, இன்றைக்கு நடைமுறையில் உள்ள விதி என்ன என்று கேளுங்கள். பதினெட்டு வயதாகாத பெண் பிள்ளையை இரவு வேலையில் வைப்பது எந்தப் பதவியிலும் கூடாது. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பது சாதாரண வேலை நேரம். அதற்கு மேல் செய்வது மேலதிக நேரம், அதற்குத் தனியாகச் சம்பளம் உண்டு.

ஆடைத் தொழிற்சாலையில் முன்பு வேலை செய்த பிள்ளைகள், “மாதத்தில் பத்து இரவுக்கு மேல் வைக்கக்கூடாது, ஒன்றரை மடங்கு சம்பளம் தரவேண்டும், பெண் மேற்பார்வையாளர் இருக்கவேண்டும்” என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அது தொழிற்சாலைகளுக்கான விதி, 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கப் பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர் தொழில் சட்டத்தில் உள்ளது. உணவகத்துக்கு அது தானாகப் பொருந்தாது. முதலாளியிடம் கேட்டுப் பெறுவதற்கு நல்ல முன்மாதிரியாக அதை வைத்துக்கொள்ளலாம்.

இரவில் வீட்டில் கொண்டுபோய் விடுவது முதலாளியின் கடமையா, அவர் செய்யும் உதவியா?

உதவியாக இருக்கும்வரை அதை எந்த நாளிலும் நிறுத்தலாம். அதனால் அதை எழுத்தில் கொண்டுவருவதுதான் முதல் வேலை. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வேலைக்குச் சேரும்போதே நியமனக் கடிதம் தரவேண்டும். அதில், “இரவு வேலை முடிந்ததும் நிறுவனத்தின் செலவில் வீட்டு வாசல் வரை வாகன வசதி” என்று ஒரு வரி இருந்தால் அது வேலை நிபந்தனையாகிவிடும். ஏற்கெனவே கடிதம் வாங்கியவர்கள், அதே வரியைத் தனித்தாளில் எழுதி முகாமையாளரின் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளலாம். “வாசல் வரை” என்ற சொல் முக்கியம். அது இல்லாவிட்டால் சந்தியில் இறக்கிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வேலைக்கு வரும் வழியிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்துக்குள் வருகிறது. அன்று எத்தனை மணிக்கு வேலை முடிந்தது, எந்த வாகனத்தில் போனீர்கள் என்ற பதிவு இல்லாவிட்டால் நட்டஈடு கேட்பது கடினம். வாகனப் பதிவேடு என்பது முதலாளிக்கும் ஊழியருக்கும் ஒரே அளவு பாதுகாப்பு.

வான் இருக்கிறது. ஆனால் எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு கடைசியில் இருப்பது நான்தான். சாரதியோடு தனியாகப் போகப் பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். உண்மையான ஆபத்தும் இதில்தான் இருக்கிறது, ஆகவே ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். வவுனியா நகரில் ஏ9 வீதியோரம் ஓர் உணவகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மேல்மாடியில் ஆறு அறைகள். இரவு மூடும்வரை நிற்கும் பெண்கள் நால்வர். ஒருவர் வைரவபுளியங்குளம், ஒருவர் தாண்டிக்குளம், ஒருவர் ஓமந்தை, ஒருவர் நெடுங்கேணி. வான் ஒன்றுதான். நகரிலிருந்து வடக்கே போனால் தாண்டிக்குளம், ஓமந்தை என்று வரிசையாக இறங்கி, புளியங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுத் திரும்பி நெடுங்கேணிக்குப் போகவேண்டும். வழியில் காட்டுப் பகுதி, யானை நடமாட்டம், தொலைபேசிச் சைகை விட்டுவிட்டு வரும் இடங்கள். இந்த வரிசையில் யார் சாரதியாக இருந்தாலும் நெடுங்கேணிப் பெண் நீண்ட தூரம் தனியாக இருப்பார்.

வரிசையை மாற்றி இதைத் தீர்க்க முடியாது, தூரம் தூரம்தான். துணைக்கு ஒரு பெண்ணை அனுப்பலாம் என்று முதலாளி சொல்வார். அப்படி அனுப்பினால் திரும்பும் வழியில் அந்தத் துணைப்பெண் சாரதியோடு தனியாக வருவார். யாரும் இதை யோசிப்பதில்லை. அடுத்து, இரவுக் காவலாளியை அனுப்பலாம் என்பார். அவர் வானில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசலில் ஆளில்லை, வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் தனியாகிவிடுவார். ஒரு பெண்ணின் ஆபத்தை எடுத்து இன்னொரு பெண்ணிடம் வைத்ததுதான் மிச்சம்.

இந்தக் கடைக்குச் சரியாக வரும் ஏற்பாடு இதுதான். நெடுங்கேணிப் பெண்ணுக்கு மூடும் வேலை கொடுக்காமல், கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கக்கூடிய நேரத்தில் முடியும் வேலையைக் கொடுப்பது. அவர் மூடும்வரை நின்றே ஆகவேண்டிய நாளில், உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, இன்னொரு பெண்ணோடு. மற்ற மூவருக்கும் வான். கடைசியாக இறங்கும் ஓமந்தைப் பெண்ணுக்காக, விடுதியிலேயே தங்கியிருக்கும் சமையலறை ஊழியர் ஒருவர் போய் வருவது. அவர் யார் என்பதை அந்தப் பெண் ஏற்றுக்கொண்ட பிறகுதான் முடிவு செய்யவேண்டும். அவர் போய்வரும் நேரத்துக்கு மேலதிக நேரச் சம்பளமும் தரவேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது வாரமே, “இன்று களைப்பாக இருக்கிறது” என்று நின்றுவிடுவார்.

எங்கள் கடையில் வான் கிடையாது. தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் போதாதா?

ஓட்டோ போதும், ஆனால் அவர் உங்களுக்குத் தெரிந்தவராக மட்டும் இருந்தால் போதாது, கடைக்குத் தெரிந்தவராக இருக்கவேண்டும். அவருடைய பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், சாரதி அனுமதிப்பத்திரம், ஓட்டோவின் பதிவு இலக்கம், வீட்டு முகவரி ஆகியவை கடையின் பதிவேட்டில் இருக்கட்டும். கட்டணத்தை முதலாளியே கொடுக்கவேண்டும். நீங்கள் கொடுத்தால் அது உங்கள் சொந்தப் பயணம் ஆகிவிடும், கடைக்கு அதில் பொறுப்பில்லை என்று பின்னர் சொல்வார்கள். அவர் வர முடியாத நாளில் தம்பியையோ நண்பரையோ அனுப்பினால் ஏறவேண்டாம். பதிவேட்டில் உள்ள இரண்டாவது ஆளை முகாமையாளர் அழைக்கட்டும்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததைத் தெரிவிக்க எளிய வழி, கதவைத் திறந்து உள்ளே போனதும் வரவேற்பு மேசைக்கு ஒரு மிஸ்ட் கோல். ஆனால் மிஸ்ட் கோல் வராவிட்டால் யார், எத்தனை நிமிடத்தில், யாரை அழைப்பது என்று முன்பே பேசியிருக்கவேண்டும். வழக்கமாக எடுக்கும் நேரத்துக்கு மேல் பதினைந்து நிமிடம் போனால் முதலில் ஊழியருக்கு, பிறகு சாரதிக்கு, பிறகு வீட்டாருக்கு. மூன்று பேரும் எடுக்காவிட்டால் முகாமையாளரே வாகனத்தை எடுத்துக்கொண்டு புறப்படவேண்டும், 119க்கும் அழைக்கவேண்டும். வராத அழைப்பைக் கவனிக்க ஆளில்லாவிட்டால் அந்த ஏற்பாட்டால் பயனில்லை.

கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப்போவார். எனக்கும் இதெல்லாம் எழுத வேண்டுமா?

நேரமும் யாரோடு போனீர்கள் என்பதும் எழுதினால் போதும். அவர் பிந்தும் நாளில் வீதியில் நிற்காமல் உள்ளே விளக்கு எரியும் இடத்தில் இருங்கள். கடைசியாகக் கதவைப் பூட்டுபவர் உங்களை வெளியே விட்டுவிட்டுப் போகக்கூடாது.

இரவில் வரவேற்பு மேசையில் நான் ஒருத்திதான். எத்தனை பேர் இருக்கவேண்டும் என்று கணக்கு இருக்கிறதா?

என் கணக்கு இது: ஒரு பெண் வேலையில் இருந்தால் இன்னொரு பெண்ணும் இருக்கவேண்டும், இருவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் ஒரு காவலாளி இருக்கவேண்டும். இரண்டு பெண்கள் என்று சொல்வதற்குக் காரணம், ஒருவர் கழிப்பறைக்கோ சாப்பிடவோ போகும் இருபது நிமிடத்தில் மற்றவர் தனியாகிறார். ஒரே ஒருவர் என்றால் அவர் இரவு முழுவதும் தனியாக இருக்கிறார். ஏ9 வீதியில் இரவுப் பஸ்கள் நிற்கும் கடைகளில் ஒரு நேரத்தில் ஐம்பது பேர் இறங்குவார்கள், அவர்கள் போனதும் வெறிச்சோடிவிடும். வெறிச்சோடிய நேரத்தில்தான் ஆள் குறைப்பார்கள். துணை தேவைப்படுவதோ அந்த நேரத்தில்தான்.

ஆள் வராத இரவுக்கும் விதி வேண்டும். இரண்டு பெண்களில் ஒருவர் வராவிட்டால் மற்றவர் தனியாகத் தொடரக்கூடாது. முகாமையாளர் வரவேண்டும், அல்லது பகல் வேலை முடிந்தவர்களில் ஒருவர் சம்மதித்து மேலதிக நேரத்துக்கு நிற்கவேண்டும், இரண்டும் முடியாவிட்டால் அவரை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பவேண்டும். சுவரில் தொங்கும் வேலைநேர அட்டவணையில் நால்வர் பெயர் இருந்தும் வேலையில் இருவர்தான் நிற்கிறார்கள் என்றால் அந்த அட்டவணையைத் திகதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

நடுச்சாமத்தில் விருந்தினர் அழைத்துத் தேநீர் கொண்டு வா, துவாய் கொண்டு வா என்கிறார். போகாவிட்டால் முகாமையாளர் ஏசுவார்.

இரவு பத்து மணிக்குப் பிறகு அறைக்கு எதைக் கொண்டுபோவதானாலும் ஆண் ஊழியர், அல்லது இருவர் சேர்ந்து. அதுவும் வாசலில் நின்று கொடுத்துவிட்டுத் திரும்புவது. “உள்ளே வைத்துவிட்டுப் போ” என்றாலும் வாசற்படியைத் தாண்டவேண்டாம். இந்த விதியை அறையின் கதவுக்குப் பின்னால் உள்ள அறிவிப்பிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள். விதி தாளில் இருந்தால் மறுப்பவர் நீங்கள் அல்ல, விடுதி. விருந்தினரின் கோபம் உங்கள் மேல் விழாது.

காரணமில்லாமல் இரண்டு முறை அழைத்தவரின் அறை இலக்கத்தையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அவருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பதிவேட்டில் இருப்பதால், அறை இலக்கமும் நேரமும் போதுமான தடயம். முகாமையாளர் ஏசினால், ஏசியதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

பில் கொடுக்கப் போனபோது வாடிக்கையாளர் கையைப் பிடித்து இழுத்தார். இதற்கெல்லாம் முறைப்பாடு செய்யலாமா?

செய்யலாம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. சொல்லாலோ செயலாலோ செய்தாலும் அது பொருந்தும். தண்டனை ஐந்து ஆண்டுச் சிறை வரை போகலாம். வேலையிடத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்யும் விரும்பத்தகாத பாலியல் நெருங்கலும் அதற்குள் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது.

அன்று இரவே செய்யவேண்டியது இரண்டு. முதலாவது, கமராப் பதிவைத் தனியாக எடுத்துச் சேமிக்கச் சொல்வது. பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு எழுதப்படும் இயந்திரங்கள்தான் பெரும்பாலான கடைகளில் இருக்கின்றன, சில நாள் கழித்துக் கேட்டால் இருக்காது. “பதிவைச் சேமித்து வையுங்கள்” என்று முகாமையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள், வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. இரண்டாவது, தூங்கப் போகுமுன் நடந்ததை உங்கள் கையால் எழுதுவது: மேசை இலக்கம், நேரம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, யார் பார்த்தார்கள், அவர் வந்த வாகனத்தின் இலக்கம். சொற்களை நாகரிகமாக்கி எழுதவேண்டாம்.

செய்தவர் முகாமையாளரோ முதலாளியோ என்றால் யாரிடம் போவது?

கடைக்கு வெளியே போகவேண்டும். எங்கே போவது என்பது உங்களுக்கு எது வேண்டும் என்பதைப் பொறுத்தது. குற்றம் விசாரிக்கப்பட வேண்டுமானால் பொலிஸ். பொலிஸ் நிலையங்களில் பெண்கள், சிறுவர் பிரிவு இருக்கிறது, பெண் உத்தியோகத்தரிடம் சொல்லவேண்டும் என்று கேளுங்கள். சம்பளம், மேலதிக நேரம், வேலைநேரம், நியமனக் கடிதம் தொடர்பான பிரச்சினைக்குத் தொழில் அலுவலகம். இன்னும் முடிவெடுக்கவில்லை, முதலில் யாரிடமாவது கதைக்கவேண்டும் என்றால் பெண்களுக்கான உதவி அழைப்பு 1938, அல்லது உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர். உடலில் காயம் இருந்தால் முதலில் வைத்தியசாலை. அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பெயரில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான பிரிவு இயங்குகிறது. சட்டத்தரணிக்குப் பணம் இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு.

பலர் எல்லாவற்றையும் தொழில் அலுவலகத்திலேயே சொல்லி, மாதக்கணக்கில் காத்திருந்து மனம் விட்டுப்போகிறார்கள். கையைப் பிடித்ததைத் தொழில் அலுவலகம் குற்றமாக விசாரிக்காது, சம்பள பாக்கியைப் பொலிஸ் வாங்கித் தராது. இரண்டும் இருந்தால் இரண்டு இடத்திலும் தனித்தனியாக முறைப்பாடு செய்யுங்கள்.

பொலிஸில் எனக்குத் தெரியாத மொழியில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடலாமா?

போடவேண்டாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வாய்மூலம் சொல்லப்படும் முறைப்பாடு, சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதப்பட்டு, சொன்னவருக்கு வாசித்துக் காட்டப்படவேண்டும். அந்த மொழியில் எழுத உத்தியோகத்தரால் முடியாவிட்டால், உங்கள் மொழியில் நீங்களே எழுதித் தரும்படி அவர் கேட்கவேண்டும். ஆகவே “நானே தமிழில் எழுதித் தருகிறேன்” என்று சொல்லுங்கள். முன்பு சொன்னபடி அன்றிரவே எழுதி வைத்த தாள் இங்கே கைகொடுக்கும், பார்த்து எழுதினால் பதற்றத்தில் எதுவும் விடுபடாது. வெளியே வருமுன் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஊரில் பெயர் அடிபடும் என்று அம்மா பயப்படுகிறார்.

அம்மாவின் பயம் நியாயமானது. ஒன்றை அவரிடம் சொல்லுங்கள்: இத்தகைய குற்றத்துக்கு உள்ளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி தனிக் குற்றம். முகநூலில் போடுபவருக்கும் அது பொருந்தும் என்பதை முறைப்பாட்டின்போதே உத்தியோகத்தரிடம் நினைவூட்டலாம். ஊர் வாய்க்குச் சட்டம் பூட்டுப் போடாது. ஆனால் துணைக்கு யாரைக் கூட்டிப்போவது என்பதில் கவனமாக இருந்தால் பாதிப் பேச்சு குறையும்.

முறைப்பாடு செய்த அடுத்த வாரம், “நாளையிலிருந்து வரவேண்டாம்” என்றார்கள். இப்போது என்ன செய்வது?

வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கவேண்டும். அந்தக் காலம் கடந்தால் வழக்கு எவ்வளவு நியாயமாக இருந்தாலும் கேட்கமாட்டார்கள். “பேசித் தீர்க்கலாம், பொறு” என்று முதலாளி தரப்பு இழுத்தடிப்பது இந்தக் காலத்தைக் கடத்துவதற்காகவும் இருக்கலாம். பேசுங்கள், ஆனால் திகதியை எண்ணிக்கொண்டே பேசுங்கள். “சொந்த விருப்பில் விலகுகிறேன்” என்று எழுதிய தாளில் கையெழுத்து வைத்தால் நீக்கினார்கள் என்பதையே நிரூபிக்க வேண்டிவரும், சம்பள பாக்கியைக் காட்டி அதை வாங்கப் பார்ப்பார்கள். வாயால் மட்டும் வரவேண்டாம் என்றார்கள் என்றால், மறுநாள் வழக்கமான நேரத்துக்கு ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்று, “வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை” என்று முகாமையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

ஒழுங்காக ஓடிய வானை, எரிபொருள் விலை கட்டாது என்று நிறுத்திவிட்டார்கள். வேலை நேரம் மட்டும் மாறவில்லை. மறுக்கலாமா?

நியமனக் கடிதத்திலோ கையெழுத்துத் தாளிலோ அந்த வரி இருந்தால், வாகனத்தை நிறுத்தியது வேலை நிபந்தனையை ஒருதலையாக மாற்றியது. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யப் போதுமானது. வரி இல்லாவிட்டாலும் கை கட்டி நிற்கவேண்டியதில்லை: பழைய வாகனப் பதிவேட்டுப் பக்கங்களைப் படம் எடுங்கள், எத்தனை மாதம் தொடர்ந்து ஓடியது என்பதற்கு அது ஆதாரம்.

தனியாக மறுத்தால் ஒருத்தியை மாற்றிவிடுவார்கள். மூடும் வேலையில் நிற்கும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் மறுப்பு என்று எழுதாமல், இரண்டு வழிகளை முன்வையுங்கள்: வானை மீண்டும் ஓட்டுவது, அல்லது ஒவ்வொருவரின் ஊருக்கும் போகும் கடைசிப் பஸ்ஸின் நேரத்துக்கு அரை மணி முன்னதாக வேலையை முடிப்பது. யார் எந்தப் பஸ், அது எத்தனை மணிக்குப் புறப்படும் என்று பெயருக்கு நேரே எழுதிக் கொடுங்கள். கடைசிப் பஸ்ஸுக்குப் பிறகும் ஆள் தேவை என்றால் அந்த நேரத்துக்கு நகரில் வசிப்பவர்களை, ஓட்டோக் கட்டணத்தோடு, முதலாளியே ஒழுங்கு செய்யட்டும். நான்கு பெண்களுக்குத் தினமும் வான் ஓட்டுவதைவிட இருவருக்கு ஓட்டோ கொடுப்பது செலவு குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்ளும் முதலாளிகள் இருக்கிறார்கள். கடிதத்தின் பிரதியொன்றில் திகதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்தை வாங்குங்கள். பதில் வரும்வரை மூடும் நேரத்துக்கு நிற்பவர்களின் பெயரையும் அவர்கள் எப்படி வீடு போனார்கள் என்பதையும் ஒவ்வொரு இரவும் பதிவேட்டில் எழுதி வாருங்கள்.